தம்பிக்குக் கணக்குப் பரீட்சை, அக்காவுக்குப் பிளஸ் டூ

பாம்பன், மண்டபம் பக்கம் பல வீடுகளில் படிக்க இருப்பது ஒரே அறைதான். அக்கா பிளஸ் டூ இயற்பியலில் மின் இருமுனையின் மின்புலத்தைத் தருவித்துக்கொண்டிருப்பாள். ஏழாம் வகுப்புத் தம்பி பத்து நிமிடத்துக்கொருமுறை "அக்கா, இது எப்படிக்கா?" என்பான். பதில் சொல்ல ஒரு நிமிடம்தான் ஆகும். ஆனால் விட்ட வரியைப் பிடிக்க முடியாமல் அவள் முதலிலிருந்து தொடங்குவாள். அவள் திட்டம் குலைவது அங்கேதான்.

நீங்கள் அந்த அக்கா என்றால், தம்பிக்குத் திங்கட்கிழமை முழுக்கள் பாடத்தில் தேர்வு இருக்கும்போது வியாழனே தொடங்குங்கள். மாலை ஆறரைக்குப் பாடம் நடத்தாமல் நான்கு கணக்கு மட்டும் கொடுங்கள்: (−7)+(−3), 7+(−3), (−7)−(−3), (−7)×(−3). உதவி கூடாது. பத்து நிமிடம் போதும். முதல் கணக்குக்கு −10 என்று வராமல் +10 என்று எழுதியிருந்தால் காரணம் தெளிவு: "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற பெருக்கல் விதியைக் கூட்டலில் போட்டிருக்கிறான். 'கவனக்குறைவு' என்று திட்டினால் இது சரியாகாது.

அடுத்த பத்து நிமிடம் அந்த ஒரு தவறுக்கு மட்டும். பாசி எடுக்க இறங்குபவர் கடல் மட்டத்துக்கு 7 அடி கீழே இருக்கிறார். இன்னும் 3 அடி இறங்கினால் எங்கே இருப்பார்? 10 அடி கீழே என்று அவனே சொல்வான். உடனே (−12)+(−5) கொடுங்கள். −17 என்று எழுதிவிட்டு, ஏன் என்றும் சொன்னால்தான் புரிந்தது என்று அர்த்தம். "புரிஞ்சிருச்சுக்கா" என்று தலையாட்டுவதை நம்ப வேண்டாம். பென்சிலை வாங்கி நீங்களே போட்டுக் காட்டினால் அந்தத் தலையாட்டல்தான் கிடைக்கும். கழித்தல் மறுநாளுக்கு இருக்கட்டும்.

ஏழிலிருந்து எட்டு வரை உங்கள் இயற்பியல். அவன் அதே வகையில் ஆறு கணக்குகளைத் தனியாகப் போடட்டும். முடியாததற்கு ஓரத்தில் நட்சத்திரம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், கூப்பிடக் கூடாது. முதல் நாள் இரண்டு முறையாவது கூப்பிடுவான். நட்சத்திரத்தைக் கைகாட்டுங்கள், போதும். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் நட்சத்திரக் கணக்குகளை மட்டும் பாருங்கள்.

ஆக, நாளுக்கு அரை மணி நேரம். இதைத் தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். அடுத்த நாள் வகுப்பில் கண் சொக்கும், ஒரு பாடவேளையே போகும். ரெக்கார்டு நோட்டில் படம் வரைவது போல அரைக் கவனத்தில் முடிகிற வேலையை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளி, தள்ளியதைத் திட்டத்தாளில் எழுதிவையுங்கள். எழுதாமல் தள்ளிய வேலைதான் செய்முறைத் தேர்வுக்கு முந்தின இரவு வந்து நிற்கும்.

உங்களுக்கே அலகுத் தேர்வு இருக்கும் நாளில் ஆறரை மணி வேலையை விட்டுவிட்டு, எட்டு மணிப் பத்து நிமிடத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு வியாழக்கிழமையின் நான்கு கணக்குகளை எண்களை மாற்றி மறுபடி கொடுங்கள். பழைய தவறு திரும்ப வந்தால் அதை மட்டும் பாருங்கள். திங்கள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது புது விதி எதுவும் சொல்லித்தர வேண்டாம்.