மீல் மேக்கரை நிறுத்திட்டீங்க, மாத்திரையை நிறுத்தினீங்களா?

இந்த மாசமும் ஒரு பையன் வந்தான். பாலக்கோடு பக்கம், 24 வயசு, ஓசூர்ல கம்பெனி வேலை, ஷிப்ட் முடிஞ்சா நேரா ஜிம். ரெண்டு பக்கமும் மார்பு வீங்கி, சட்டை உரசினாலே வலிக்குதுங்கறான். நான் எதுவும் கேக்கறதுக்கு முன்னாடியே கூட வந்த அம்மா அழுவறாங்க, "வாரம் ரெண்டு தடவ மீல் மேக்கர் குழம்பு வெச்சேன் சார், நானே புள்ளய கெடுத்துட்டேன், எட்டு மாசமா நிறுத்திட்டேன், இன்னும் கொறயல"ன்னு. மீல் மேக்கர் சோயாவுல செஞ்சது, அத சாப்பிட்டா ஆம்பளைங்களுக்கு மார்பு வளரும், ஆண்மை கொறயும்னு யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பின வீடியோ. எத்தன அம்மாங்கள இப்படி அழ வெக்கறீங்க?

படுக்க வெச்சு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ரெண்டு பக்கத்துல இருந்து காம்பை நோக்கி மெல்ல கொண்டு வந்து பாத்தேன். வெறும் கொழுப்பா இருந்தா விரல் தடையில்லாம காம்பு வரைக்கும் போயிரும். இவனுக்கு காம்புக்கு நேர் கீழ ரப்பர் மாதிரி ஒரு தட்டு, தொட்டா வலி. அது சுரப்பித் திசு, ஆம்பளைங்களுக்கு மார்பு வளர்றதுன்னு சொல்ற நிஜமான கைனகோமாஸ்டியா.

கையில ஒரு லேப் ரிப்போர்ட் வேற, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ரொம்ப கம்மி. "பாத்தீங்களா சார், சோயா பண்ண வேல"ங்கறான். அதை மட்டும் பாத்தா அப்படித்தான் தோணும், அதனால எல்ஹெச் சேத்து எடுக்கச் சொன்னேன், அது அடிமட்டத்துல இருந்துச்சு. விரைக்கு "வேல செய்"ன்னு மூளை அனுப்பற உத்தரவுதான் எல்ஹெச், அதுவே வரலன்னா வெளிய இருந்து ஹார்மோன் உள்ள போகுதான்னு முதல்ல சந்தேகப்படணும். அம்மாவ வெளிய உக்கார வெச்சுட்டு கேட்டேன். கொஞ்ச நேரம் தரையையே பாத்துட்டு இருந்தவன் பேக்ல இருந்து ஒரு ஸ்ட்ரிப் எடுத்தான், ஜிம்ல ஒரு அண்ணன் குடுத்ததாம், "வெயிட் ஏறும்"னு. பேரு மெத்தாண்டியனோன். அனபாலிக் ஸ்டீராய்டு.

வெளிய இருந்து ஆண் ஹார்மோன் மாதிரி ஒண்ணு வந்தா மூளை உத்தரவை நிறுத்திரும், விரை சொந்தமா சுரக்கறதும் நின்னுரும், விந்தணுவும் கொறயும். அதே மாத்திரைல ஒரு பங்கு உடம்புக்குள்ளயே ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் வகையா மாறும், மார்பு வளர்றது அதனால. எட்டு மாசமா மீல் மேக்கரை நிறுத்தி மாத்திரையை விடாம முழுங்கியிருக்கான்!

இப்ப சோயா கதைக்கு வரேன், ஏன்னா இத கேட்டு கேட்டு சலிச்சுப் போச்சு. சோயாவுல இருக்கற ஐசோஃப்ளேவோனை "தாவர ஈஸ்ட்ரோஜன்"னு சொல்றாங்க, அந்தப் பேரை வெச்சே முழு பயமும். அது பெண் ஹார்மோன் கெடயாது, உருவம் கொஞ்சம் ஒத்துப் போற, ரொம்ப பலவீனமா வேல செய்யற தாவரப் பொருள். ஆம்பளைங்களுக்கு சோயாவோ ஐசோஃப்ளேவோனோ குடுத்துப் பாத்த ஆய்வுகள 2010லயும், அப்புறம் 2021ல 41 ஆய்வுகளயும் ஒண்ணா சேத்து அலசினாங்க, டெஸ்டோஸ்டிரோன்ல மாற்றம் இல்ல, 2021 அலசல்ல ஈஸ்ட்ரோஜன் அளவும் பாத்தாங்க, அதுலயும் இல்ல.

அப்ப அந்த வீடியோவுல காட்டற கேஸ் பொய்யான்னு கேப்பீங்க. பொய் இல்ல. 2008ல வெளியானது, 60 வயசு ஆளு, தினமும் கிட்டத்தட்ட 3 லிட்டர் சோயா பால் குடிச்சார், மார்பு வீங்குச்சு, நிறுத்தினதும் சரியாச்சு. 2011ல ஒரு 19 வயசு பையன், சோயாவையே முக்கிய சாப்பாடா வெச்சு நாளைக்கு 360 மில்லிகிராம் வரைக்கும் ஐசோஃப்ளேவோன் எடுத்தான், உடலுறவு ஆசை கொறஞ்சுது, அவனுக்கும் நிறுத்தினப்பறம் திரும்ப வந்துச்சு. நம்ம வீட்டு குழம்புல ஒரு ஆளுக்கு காஞ்ச உருண்டை 30 கிராம்னு வெச்சாலும் சுமார் 40, 50 மில்லிகிராம்தான் வரும், அதுவும் வாரம் ரெண்டு தடவ.

விந்தணு பத்தி 2008ல வந்த இன்னொரு ஆய்வயும் பரப்பறாங்க. குழந்தையின்மை கிளினிக்குக்கு வந்த 99 ஆம்பளைங்க, சோயா நிறைய சாப்பிட்டவங்களுக்கு விந்தணு அடர்த்தி கம்மி, ஆனா மொத்த எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் எதுலயும் சொல்லிக்கற வித்தியாசம் இல்ல. அதுல முக்காவாசிப் பேரு எடை கூடினவங்க. ஐசோஃப்ளேவோனை நேரடியா குடுத்து சோதிச்ச ஆய்வுகள்ல விந்துல மாற்றம் வரல.

சோயாவுல நான் நிஜமா எச்சரிக்கறது வேற. தைராய்டு மாத்திரை போடறவங்க அதுக்கும் சோயாவுக்கும் 4 மணி நேரம் இடைவெளி விடுங்க, இல்லன்னா மாத்திரை சரியா உள்ள ஏறாது. அலர்ஜி இருக்கறவங்க தொடாதீங்க.

டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட் சாயங்காலம் குடுத்துட்டு கம்மின்னு பயப்படாதீங்க, காலைல 10 மணிக்குள்ள, வெறும் வயித்துல குடுங்க, கம்மியா வந்தா இன்னொரு நாள் திரும்ப எடுங்க. மார்பு வீங்கினா தள்ளிப் போடாதீங்க, புதுசா வந்த திசு காரணத்தை நிறுத்தினா கரைய வாய்ப்பு இருக்கு, ஒரு வருஷம் தாண்டினா நாராகி இறுகிரும், அப்புறம் ஆபரேஷன்தான். ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி கட்டியோ, காம்புல ரத்தமோ, விரைல கட்டியோ இருந்தா அந்த வாரமே வாங்க. நீர் பிரியக் குடுக்கற ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி சில மாத்திரையாலயும், குடியால கெட்ட கல்லீரலாலயும் மார்பு வீங்கும்.

தம்பிங்களா, வரும்போது பவுடர் டப்பா, ஊசி, ஸ்ட்ரிப் எதுவா இருந்தாலும் கொண்டு வாங்க. வீட்ல சொல்ல மாட்டேன், திட்டவும் மாட்டேன்.