லியூசின்: சொல்லும் அளவும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி உடற்பயிற்சிக் கூடங்களில் லியூசின் என்ற சொல் புரதப் பொடி டப்பாக்களின் வழியாகத்தான் புழக்கத்துக்கு வந்தது. சொல்லின் வேர் 'வெள்ளை' என்று பொருள்படும் லியூகோஸ் என்ற கிரேக்கச் சொல். தசையிலிருந்தும் கம்பளியிலிருந்தும் இதை வெண்ணிறப் படிகமாகப் பிரித்தெடுத்த பிரெஞ்சு வேதியியலர் பிராக்கனோ 1820-இல் இட்ட பெயர் இது. நிறத்தை மட்டும் சொல்லும் இந்தப் பெயரைத் தமிழாக்கிப் பயனில்லை. லியூசின் என்றே எழுதலாம். அது சேர்ந்த வகைக்கு 'இன்றியமையா அமினோ அமிலம்' என்ற பெயர் பொருத்தமானது. உடல் இதைத் தானே தயாரித்துக்கொள்ளாது. உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

தசைப் புரதம் கட்டும் வேலையைத் தொடங்கச் சொல்லும் சைகை லியூசின். கட்டுவதற்கு மற்ற அமினோ அமிலங்களும் வேண்டும் என்பதால் லியூசின் பொடியை மட்டும் விழுங்குவது வீண். ஒரு வேளைக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3 கிராம் என்பது பயிற்சி செய்வோருக்கான நடைமுறை இலக்கு. அது கடுமையான எல்லைக்கோடு அல்ல; நாள் முழுவதற்குமான மொத்தப் புரதமே முதன்மையானது.

வே புரதம் எனப்படும் மோர்ப் புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் லியூசின். சோயா, பருப்புப் புரதங்களில் சுமார் 7 முதல் 8 விழுக்காடு. கேழ்வரகுப் புரதத்தில் இந்த விகிதம் இன்னும் சற்று அதிகம். ஆனால் 100 கிராம் மாவில் புரதமே 7 கிராம்தான். களியை மட்டும் உண்டு இலக்கைத் தொட வேண்டுமானால் 400 கிராம் மாவு, அதாவது 1,200 கலோரிக்கு மேல். கொழுப்பைக் குறைக்கும் காலத்தில் அது நடக்காது.

70 கிலோ எடையுள்ள ஒருவரின் மதிய உணவைப் பார்ப்போம். களிக்கு 60 கிராம் மாவு, கடையலுக்கு 50 கிராம் கொள்ளு. இரண்டும் சேர்ந்து 15 கிராம் புரதம், 1.2 கிராம் லியூசின், இலக்கில் பாதிதான். உலர்ந்த மீல்மேக்கர் 40 கிராமை ஊறவைத்துப் பிழிந்து குழம்பில் சேர்த்தால் புரதம் 36 கிராமாகவும் லியூசின் 2.8 கிராமாகவும் உயரும். தாளிப்பு எண்ணெயைத் தவிர்த்துப் பார்த்தால் மொத்தம் 500 கலோரிதான். களியைக் குறைத்து மீல்மேக்கரைக் கூட்டுவதே இங்கு சூட்சுமம். ஊறவைத்த பின் எடை பல மடங்காகும் என்பதால் உலர்ந்த நிலையில் நிறுப்பது அவசியம். பலர் சறுக்குவது இங்கேதான்.

கொள்ளுப் புரதம் முழுதும் செரிப்பதில்லை; ஆகவே 2.5-ஐ ஒட்டி நிற்காமல் 3-ஐ நெருங்குவதே என் பரிந்துரை. இப்படி நான்கு வேளை உண்டால் நாளுக்கு 140 கிராம் புரதம், கிலோவுக்கு 2 கிராம் கணக்கு. வாரத்தில் உடல் எடையில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் இறங்கி, தூக்கும் எடையும் தொடர்ந்து குறைந்தால் தசை கரைகிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது முதலில் கலோரியைச் சற்றுக் கூட்ட வேண்டும். லியூசினை ஏற்றுவது அதற்கு மாற்றாகாது.