ஒன்பது தடித்த எழுத்துகள்: ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இப்போதெல்லாம் டாக்டர் கைக்கு வருவதற்கு முன்பே நம் போனுக்கு வந்துவிடுகிறது. அதில் முதலில் கண்ணில் படுவது தடித்த எழுத்துகளும், பக்கத்தில் இருக்கும் எச் அல்லது எல் என்ற எழுத்தும்தான். எச் என்றால் அளவு கூடுதல், எல் என்றால் குறைவு. அந்தக் குறியைப் போடுவது டாக்டர் இல்லை, லேபில் இருக்கும் கம்ப்யூட்டர். எண் ஓரத்தில் அச்சிட்ட எல்லைக்கு வெளியே போனால் குறி விழும், அவ்வளவுதான். ஏன் வெளியே போனது, அதனால் ஆபத்து உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

லேபில் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் நோய்க்குறியியல் மருத்துவர் நான். அண்மையில் வந்த ஒரு ரிப்போர்ட்டை இங்கே பிரித்துப் பார்க்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். தையல் வேலை செய்யும் ஒரு பெண், வயது முப்பத்தெட்டு. ஒரு முகாமில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார். ரிப்போர்ட்டில் ஒன்பது இடங்களில் குறி. "டாக்டர், சர்க்கரை ஆரம்பிச்சிடுச்சாம், கிட்னியும் சரியில்லையாம், வெள்ளையணுவிலயும் ஏதோ கூடியிருக்காம். பக்கத்து வீட்டுல படிச்சுச் சொன்னாங்க" என்று கலங்கிப்போய் வந்தார்.

முதலில் அந்த 'நார்மல்' எல்லை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். பெரும்பாலான பரிசோதனைகளுக்கு ஆரோக்கியமானவர்கள் நூறு பேருக்கும் மேல் ரத்தம் எடுத்து அளக்கிறார்கள். கிடைத்த எண்களை வரிசைப்படுத்தி, கீழே இரண்டரை சதவீதத்தையும் மேலே இரண்டரை சதவீதத்தையும் விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை எல்லையாக வைக்கிறார்கள். அப்படியானால் நோயே இல்லாத இருபது பேரில் ஒருவருக்கு, எந்தப் பரிசோதனையிலும் எண் எல்லைக்கு வெளியே போகத்தான் செய்யும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இருபது பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், முழு ஆரோக்கியமாக இருந்தாலும் ஒரு குறியாவது விழ ஏறக்குறைய 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. முகாம்களில் நாற்பது, ஐம்பது எண்கள் வருகின்றன. ஒரு குறிகூட இல்லாத ரிப்போர்ட்டுதான் அபூர்வம்.

எல்லா எல்லைகளும் இப்படி வருவதில்லை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, கொலஸ்ட்ரால் போன்றவற்றுக்கு, எந்த அளவைத் தாண்டினால் பிற்காலத்தில் பாதிப்பு கூடுகிறது என்று பார்த்து வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் ஓரத்தில் இருக்கும் எல்லா எண்களையும் ஒரே பொருளில் படிக்க முடியாது.

இனி அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஹீமோகுளோபின் 9.6, பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி 30, அதுவும் குறைவு. ஒரு சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்சிவி 73, இது 80க்கு மேல் இருக்க வேண்டும். ஒவ்வொரு அணுவிலும் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று சொல்லும் எம்சிஎச் 23.4, இதன் கீழ் எல்லை 27. ஆர்டிடபிள்யூ 17.8, இது 14.5க்குள் இருக்க வேண்டும். அணுக்கள் ஒரே அளவில் இல்லாமல் சிறிதும் பெரிதுமாக இருந்தால் இந்த எண் ஏறும்.

ஐந்து குறிகள் ஆயிற்று. ஐந்தும் ஐந்து நோய்கள் இல்லை, ஒரே விஷயத்தை ஐந்து பக்கத்திலிருந்து அளந்திருக்கிறது மெஷின். ரத்தம் குறைவாக இருக்கிறது, அணுக்கள் சிறுத்து, வெளிறி, அளவு மாறி இருக்கின்றன. ஆறாவது குறி தட்டணுக்கள் 4 லட்சத்து 70 ஆயிரம், கொஞ்சம் கூடுதல். இரும்புச் சத்து குறையும்போது தட்டணுக்கள் இப்படி ஏறுவது வழக்கம். ஆக ஆறும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

சரி, அணு சிறியது என்றாலே இரும்புச் சத்துக் குறைவுதானா? இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய் தலசீமியா. அதன் கூறு மட்டும் உள்ளவர்களுக்கும் அணுக்கள் சிறிதாகவே இருக்கும். அவர்களுக்கு அது நோயாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் கணவன், மனைவி இருவருக்கும் அந்தக் கூறு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ரத்த சோகை என்று நினைத்து வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் எண் ஏறாதவர்களில் சிலர் இவர்கள்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ரிப்போர்ட்டிலேயே ஒரு துப்பு இருக்கிறது. பலரும் கவனிக்காத சிவப்பணு எண்ணிக்கைதான் அது. இரும்பு போதவில்லை என்றால் எலும்பு மஜ்ஜையால் அணுக்களைப் போதுமான அளவு செய்ய முடியாது, எண்ணிக்கை குறையும் அல்லது கீழ் எல்லையை ஒட்டி நிற்கும். தலசீமியா கூறில் அணுக்கள் சிறிதாக இருந்தாலும் எண்ணிக்கை ஏராளமாக இருக்கும். எம்சிவியை, மில்லியனில் சொன்ன சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவின் பக்கமும், 13க்குக் கீழே வந்தால் தலசீமியா கூறின் பக்கமும் யோசிக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு 73ஐ 4.1ஆல் வகுத்தால் 17.8. இன்னொருவருக்கு எம்சிவி 64, சிவப்பணு 5.6 மில்லியன், ஹீமோகுளோபின் 11.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் 11.4 வருகிறது. அவருக்கு மாத்திரையைத் தொடங்கும் முன் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை தேவை. இந்தக் கணக்கு யாரை முதலில் எங்கே அனுப்பலாம் என்று சொல்லும், முடிவைச் சொல்லாது. இரண்டு குறையும் சேர்ந்தே இருப்பவர்களிடம் இது ஏமாற்றிவிடும்.

முடிவைச் சொல்வது ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவு. முகாம் ரிப்போர்ட்டில் அது இல்லை, தனியாக எடுத்துப் பார்த்தபோது இவருக்கு 6. பெரியவர்களுக்கு 15க்குக் கீழே போனால் சேமிப்பு காலி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஃபெரிட்டினுக்கும் ஒரு குணம் உண்டு. காய்ச்சல், மூட்டு வீக்கம், ஈரல் கோளாறு இருந்தால் இரும்பு இல்லாமலேயே ஏறிக்கொள்ளும். ஆகவே குறைந்த ஃபெரிட்டினை நம்பலாம், நார்மலாக வந்ததை மட்டும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். சீரம் அயர்ன் என்று தனியாக எடுப்பது காலைக்கும் மாலைக்கும், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் மாறுவதால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அப்புறம் சர்க்கரை. எச்பிஏ1சி 5.9 என்று குறி விழுந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஆனால் அதே நாள் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 88. இரண்டும் ஒத்துப்போகவில்லை. எச்பிஏ1சி அளப்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை. இரும்பு இல்லாமல் புது அணுக்கள் குறைவாக உருவாகும்போது, ரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடுகிறது. அவற்றில் ஒட்டிய சர்க்கரையும் கூடுதலாக இருக்கும். அதனால் ரத்தத்தில் சர்க்கரை கூடாமலேயே எண் சற்று மேலே காட்டும். இதற்கு மாறாக, அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய்களில் உண்மையான சர்க்கரை நோயையே இது குறைத்துக் காட்டிவிடும். ரத்த சோகை இருக்கும்போது எச்பிஏ1சியை மட்டும் வைத்துச் சர்க்கரை உண்டு, இல்லை என்று முடிவுகட்டுவதை நான் ஏற்பதில்லை.

எட்டாவது, வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் 44 சதவீதம். எல்லை 40. பக்கத்து வீட்டார் பயந்தது இதற்குத்தான். சதவீதத்தை மட்டும் பார்க்கக் கூடாது, மொத்தத்தோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். மொத்த வெள்ளையணு 5,600, அதில் 44 சதவீதம் என்றால் ஏறக்குறைய 2,460. ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,000 முதல் 3,000 வரை இருப்பது சாதாரணம். இன்னொரு வகை அணு கொஞ்சம் குறைந்தால் இதன் சதவீதம் தானாகவே கூடித் தெரியும். நிறைய ரிப்போர்ட்டுகளில் இந்த எண்ணிக்கையே 'அப்சொல்யூட்' என்று கீழே தனியாக அச்சாகியிருக்கும்.

கடைசியாகக் கிட்னி பயம். பொட்டாசியம் 5.8, எல்லை 5.1. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 0.7, குறை ஒன்றுமில்லை. நான் விசாரித்தது ரத்தம் எடுத்த நேரத்தை. காலை ஏழு மணிக்கு முகாமில் எடுத்த ரத்தம், பிற்பகல் இரண்டரைக்குத்தான் லேபுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே சீரத்தில் இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல். பிரிக்காமல் நேரம் கழிந்தாலோ, குழாயில் அணுக்கள் உடைந்தாலோ, ஊசி போடும்போது முஷ்டியை மடக்கி மடக்கி விரித்தாலோ எண் ஏறிவிடும். மறுநாள் லேபிலேயே ரத்தம் எடுத்து உடனே பார்த்தபோது 4.3. ஆனால் கிட்னி நோயாளிகளும், ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குக் குறி விழுந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

ஒன்பது குறியில் ஏழு இரும்பால், ஒன்று வெறும் சதவீதக் கணக்கால், ஒன்று தாமதத்தால். இரும்பு ஏன் குறைந்தது என்று கேட்டபோதுதான், இரண்டு வருஷமாக மாதவிலக்கு எட்டு நாள் வரை நீடிப்பதாகச் சொன்னார். பெண்கள் மருத்துவரிடம் அனுப்பினோம், ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. அதற்கான சிகிச்சையோடு இரும்பு மாத்திரையும் தொடங்கியது. மாத்திரையோடு டீ, காபி குடித்தால் இரும்பு சரியாகச் சேராது என்பதையும் சொல்லி அனுப்பினோம்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 11.3. ஆனால் ஆர்டிடபிள்யூ 22 ஆகியிருந்தது, குறி பழையபடி அப்படியே. பலர் இதைப் பார்த்து மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். பழைய சிறிய அணுக்களோடு புதிதாக வந்த பெரிய அணுக்கள் கலந்திருப்பதால்தான் அளவு வித்தியாசம் கூடித் தெரிகிறது. அது நல்ல அறிகுறி. ஹீமோகுளோபின் 12ஐத் தொட்ட பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போல மாத்திரை வேண்டும்.

இதே எண்கள் அறுபது வயது ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ வந்தால் கதை வேறு. அவர்களுக்கு ரத்தம் போவதற்கு மாதவிலக்கு என்ற வழி இல்லை. வயிற்றுப்புண்ணிலோ, குடல் புற்றுநோயிலோ கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இரும்பு தீர்ந்திருக்கலாம். வலி இல்லாமலும் இருக்கலாம், மலத்தில் நிறமாற்றமும் தெரியாமல் போகலாம். மாத்திரை சாப்பிட்டால் எண் ஏறிவிடும், காரணம் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே அந்த வயதில் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மாத்திரைச் சீட்டோடு திரும்பிவிடாமல், எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி இரண்டும் தேவையா என்று டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.