ஆகஸ்டு மாத ரொக்கம் எந்தக் கணக்குக்குப் போனது?

சிங்கப்பூர் அரசாங்கம் தரும் பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டின் ரொக்கம் ஆகஸ்டில் வரும்போதெல்லாம் ஒரே மாடியில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். "எனக்கு வந்துவிட்டது" என்பார் ஒருவர். "செய்தி வந்தது, பணத்தைக் காணோம்" என்பார் அடுத்த வீட்டுக்காரர். காணாமல் போனதாகச் சொல்லப்படும் பணம் பெரும்பாலும் அவருடைய பெயரிலேயே, அவர் நினைத்துப் பார்க்காத ஒரு கணக்கில் இருக்கும். வேறு ஆளின் கணக்கில் விழுவது அரிது. ஏன் என்று புரிந்துகொண்டால் தேடுவதும் எளிது.

அரசாங்கம் இந்தப் பணத்தை மூன்று வழிகளில் அனுப்புகிறது. கணக்கு எண் இல்லாமலேயே வங்கிக்குப் பணம் அனுப்ப உதவும் பேநவை அடையாள அட்டை எண்ணுடன் இணைத்தவர்களுக்கு முதலில் போகும். அது இல்லாமல், வங்கிக் கணக்கு விவரத்தை மட்டும் பதிந்து வைத்திருப்பவர்களுக்குச் சில நாள் கழித்துப் போகும். இரண்டும் இல்லாதவர்களுக்குக் கடைசியாக, வங்கிக் கணக்கு இல்லாமலேயே பணத்தைப் பெற உதவும் கவ்கேஷ் வழியாக வரும். ஆக, பக்கத்து வீட்டில் வந்து உங்களுக்கு வராதிருந்தால், உங்கள் முறை இன்னும் வரவில்லை என்பதே காரணமாக இருக்கலாம். govbenefits.gov.sg தளத்தில் சிங்பாஸ் கொண்டு நுழைந்தால் உங்களுக்கு எவ்வளவு, எந்த வழியில் வருகிறது என்று பார்க்கலாம். யாரிடமும் புகார் சொல்லும் முன் செய்யவேண்டியது அதுதான்.

பேநவ் விஷயத்தில் பலரும் குழம்பும் இடம் கைபேசி எண். நண்பருக்குச் சாப்பாட்டுக் காசு அனுப்பக் கைபேசி எண்ணை இணைத்திருப்பார்கள், அதுவே போதும் என்று நினைப்பார்கள். அரசாங்கம் பார்ப்பது அடையாள அட்டை எண்ணை. இரண்டும் தனித்தனிப் பதிவுகள், வெவ்வேறு வங்கிகளில்கூட இருக்கலாம். ஓர் அடையாள அட்டை எண்ணை ஒரே ஒரு கணக்குடன்தான் இணைக்க முடியும். சில ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு வங்கியில் புதுக் கணக்குத் திறந்தபோது அந்த எண்ணை இணைத்திருந்தால், இன்று நீங்கள் சம்பளம் வாங்கும் கணக்கு வேறாக இருந்தாலும் பணம் அந்தப் பழைய கணக்குக்கே போகும். வங்கிச் செயலியில் பேநவ் அமைப்புகளைத் திறந்தால், அந்த வங்கியில் எந்த எண் எந்தக் கணக்குடன் இணைந்திருக்கிறது என்று தெரியும். கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் பார்த்துவிடுங்கள். மாற்றவேண்டுமானால், பழைய வங்கியில் இணைப்பை நீக்கிவிட்டுப் புதிய வங்கியில் பதிவது சிக்கலில்லாத வழி. அடுத்த தவணைக்கு அது பொருந்தும். ஏற்கெனவே போய்ச் சேர்ந்த பணத்தை அரசாங்கம் திரும்ப எடுத்து வேறு கணக்கில் போடாது, ஏனெனில் அதன் பார்வையில் அது உங்களுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

கூட்டுக் கணக்கில் இது கொஞ்சம் கசப்பாகவும் முடியும். வயதான தாயார் தன் மகனோடு வைத்திருக்கும் கூட்டுக் கணக்குடன் அவருடைய அடையாள அட்டை எண்ணை இணைப்பது முறையானதுதான். ஆனால் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று திறந்த கணக்கில், தாயாருக்கு வந்த பணத்தை மகன் எடுத்துவிட்டால் வங்கி குறுக்கே வராது. பெற்றோருக்கு இணைத்துக் கொடுக்கும் பிள்ளைகள், அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. பணம் சிறிதுதான், மனத்தாங்கல் சிறிதாக இராது.

நம்மில் பலருக்கு நேரக்கூடிய இன்னொன்று அடையாள எண் பொருந்தாமை. ஓர் எடுத்துக்காட்டு. ஈசூனில் இருக்கும் ஒரு பெண், வேலை அனுமதியில் வந்தபோது வெளிநாட்டவர் எண்ணைக் காட்டி வங்கிக் கணக்குத் திறந்தார். அதே எண்ணில் பேநவ் இணைத்தார். பிறகு நிரந்தரவாசியானார், புதிய அடையாள அட்டையும் எண்ணும் கிடைத்தன. பின் குடியுரிமையும் பெற்றார். வங்கியிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. அட்டை வேலை செய்தது, சம்பளம் வந்தது, சொல்லவேண்டிய தேவையே தோன்றவில்லை. 2025 ஆகஸ்டில் 850 வெள்ளி தனக்கு உண்டு என்று பார்த்தார், ஆனால் பேநவில் எதுவும் வரவில்லை. வங்கியின் ஏட்டில் அவர் இன்னும் பழைய எண்காரர். அரசாங்கம் தேடியதோ புதிய எண்ணை. அந்த எண்ணுடன் எந்தக் கணக்கும் இணைந்திருக்கவில்லை.

இதில் பணம் தொலையவில்லை, கவ்கேஷுக்கு மாறிவிடும். அவர் செய்யவேண்டியது, அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய், முதலில் தன் அடையாள எண்ணைத் திருத்தச் சொல்வது. பெயரையும் கையோடு சரிபார்க்கவேண்டும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முன்னால், அடையாள அட்டையில் பின்னால் என்று நம் பெயர்கள் இடம் மாறி நிற்பது வழக்கம். இவை சரியான பிறகே புதிய எண்ணில் பேநவ் பதியவேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பதிவு நிராகரிக்கப்படலாம். உள்நாட்டு வருவாய் ஆணையம் திருப்பித் தரும் வரிப்பணத்துக்கும் இதே இணைப்புத்தான் பயன்படுகிறது என்பதால், இந்த ஒரு திருத்தம் அங்கேயும் உதவும்.

கவ்கேஷில் வரும் பணத்தை அரசாங்கத்தின் லைஃப்எஸ்ஜி செயலியிலிருந்து வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓசிபிசி ஏடிஎம்மில் ரொக்கமாகவும் எடுக்கலாம், அந்த வங்கியில் கணக்கு தேவையில்லை. ஏடிஎம்மில் 10 இலக்கக் குறிப்பு எண், அடையாள அட்டை எண், முகச் சரிபார்ப்பு ஆகியவை கேட்கப்படும். குறிப்பு எண் வரும் கடிதம், அடையாள அட்டையில் பதிந்த முகவரிக்கே போகும். வீடு மாறினால் 28 நாளுக்குள் முகவரியை மாற்றவேண்டும் என்ற விதியைத் தள்ளிப்போடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். திறன்பேசி பழக்கமில்லாதவர்கள் சர்விஸ்எஸ்ஜி நிலையத்தில் கேட்கலாம். வங்கி விவரம் கேட்டு ஒரு சுட்டி குறுஞ்செய்தியில் வந்தால் அது அரசாங்கத்தினுடையது அல்ல.

பணம் உண்மையிலேயே வேறு ஆளிடம் போவது, யாரோ ஓர் எண்ணைக் கையால் தட்டும்போதுதான். வந்த ரொக்கத்தை மகளுக்கு அனுப்பும்போது கைபேசி எண்ணில் ஓர் இலக்கம் பிசகுவது போல. அப்போது உடனே உங்கள் வங்கியிடம் சொல்லவேண்டும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் மின்கட்டண வழிகாட்டி நெறிகளின்படி, தேவையான விவரம் கிடைத்த 2 வேலை நாளுக்குள் உங்கள் வங்கி, பெற்றவரின் வங்கிக்குத் தெரிவிக்கவேண்டும். அந்த வங்கி அவரிடம் சொல்லி, திருப்பித் தர ஒப்புதல் கேட்கும். பிறருடைய பணம் என்று தெரிந்தும் வைத்துக்கொள்வது தண்டனைச் சட்டத் தொகுப்பின்படி குற்றம் என்பதையும் அவரிடம் சொல்லும். என்ன பதில் வந்தது என்பதை உங்கள் வங்கி உங்களுக்குத் தெரிவிக்கும்.

ஆனால் பெற்றவர் சம்மதிக்காமல் வங்கி தானாகப் பணத்தைப் பிடுங்கித் தராது, அவர் யார் என்பதையும் உங்களிடம் சொல்லாது. அவர் மறுத்தால் மீதி இருப்பது காவல்துறையில் புகார் கொடுப்பதும் நீதிமன்றத்தில் கேட்பதும்தான். அதனால் பேநவில் எண்ணைத் தட்டியதும் திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள். அந்தப் பெயர் காட்டப்படுவதே இதற்காகத்தான்.