இரண்டு டக் படகு, 300 மீட்டர் கப்பல்

துறைமுகத்துக்குள் ஒரு கன்டெய்னர் கப்பல் திரும்புவதைப் பார்த்த வாசகர் ஒருவர், பக்கத்தில் பொடியன்கள் மாதிரி நிற்கும் இரண்டு டக் படகுகள், அதாவது கப்பல்களை இழுக்கவும் தள்ளவும் வரும் சிறு படகுகள், அவ்வளவு பெரிய உடம்பை எப்படித் திருப்புகின்றன என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பலம். டக் படகைப் பற்றி எழுதுபவர்கள் குதிரைத்திறனைச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் துறைமுகத்தில் வேலைக்கு ஆவது பொல்லார்டு புல்தான். கரையில் கயிறு கட்டும் இரும்புக் குற்றிதான் பொல்லார்டு. அதில் படகை நீண்ட வடத்தால் கட்டி, நடுவே இழுப்பை அளக்கும் கருவியை மாட்டி, எஞ்சினை முழு விசையில் ஓட்டுவார்கள். ஒரு நொடி துள்ளிக் காட்டும் உச்சத்தை விட்டுவிட்டு, சில நிமிடங்கள் நிலைத்து நிற்கும் இழுப்பை டன்னில் குறிப்பார்கள்; அதுதான் பொல்லார்டு புல். சுமார் 5,000 குதிரைத்திறன் உள்ள இன்றைய படகு 60 டன் இழுக்கும்.

சரி, கப்பல் 300 மீட்டர் நீளம். முன்முனையான அணியத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு படகு, பின்முனையான அமரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று, இரண்டும் தள்ளுகின்றன. கப்பல் நின்றுகொண்டிருந்தால் அது ஏறக்குறைய நடுவில் சுழலும். ஒவ்வொரு படகுக்கும் நெம்புகோல் நீளம் 120 மீட்டர். கப்பல் முன்னே நகர்ந்துகொண்டிருந்தாலோ சுழலும் புள்ளி முன்பக்கம் போய்விடும், ஏறக்குறைய கால்வாசி நீளத்துக்கு. அப்போது முன்படகுக்குக் கிடைப்பது வெறும் 45 மீட்டர், பின்படகுக்கு 195. அதனால்தான் கப்பல் நகரும்போது முன்படகு எவ்வளவு முக்கினாலும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. 120-ஐயும் 120-ஐயும் கூட்டுங்கள், அப்புறம் 45-ஐயும் 195-ஐயும் கூட்டுங்கள். இரண்டுமே 240! எதிரெதிராக ஒரே விசையில் தள்ளும் ஜோடியின் திருப்புதிறன், சுழலும் புள்ளி எங்கே இருந்தாலும் மாறாது. 60 டன்னுக்கு 14,400 டன்-மீட்டர். பக்கவாட்டு விசைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் கப்பல் ஒருபக்கமாக ஒதுங்காது. பின்படகு மட்டும் தள்ளினால் கப்பல் திரும்பும்தான், ஆனால் முழுதாக ஒருபக்கம் நகர்ந்தும் போகும். குறுகிய இடத்தில் அதற்கு வழியில்லை.

இருந்தும், துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்தும் பைலட் முதலில் கப்பலை நிறுத்தத்தான் பார்ப்பார். திரும்ப 20 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கப்பலில் ஒரு நாட் வேகம் மிச்சமிருந்தாலே, அதாவது நொடிக்கு அரை மீட்டர், அந்த நேரத்துக்குள் அது 600 மீட்டர் போய்விடும்; துறைமுகத்தில் அவ்வளவு இடம் ஏது? கூடவே ஓடவேண்டியிருக்கும்போது படகின் இழுப்பிலும் ஒரு பங்கு அந்த ஓட்டத்துக்கே போய்விடும்.

கப்பலின் அடித்தண்டான கீலுக்கும் கடல்தரைக்கும் நடுவே தண்ணீர் குறைவாக இருந்தால் கப்பல் சுழல மறுக்கும், ஏனென்றால் ஒதுங்க வேண்டிய தண்ணீருக்கு அடியில் வழி கிடைப்பதில்லை. படகு தள்ளாமல் குட்டையான வடத்தில் இழுத்தால், அதன் புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் நீரோட்டம் கப்பலின் பக்கத்திலேயே அடித்து இழுப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வடத்தை நீளமாக விட்டால் சரியாகும், ஆனால் குறுகிய இடத்தில் நீள வடத்துக்கும் இடமிருக்காது. அதனால் தள்ளுவதே மேல்.

இவ்வளவு பாடுபட்டுச் சுழலத் தொடங்கிய உடம்பு தானாக நிற்காது. அதனால் திருப்பம் முடியக் கொஞ்சம் முன்பே பைலட் படகுகளை நிறுத்தச் சொல்லி, உடனே எதிர்த்திசையில் இழுக்கச் சொல்கிறார்.