‘நிறுத்திவிட்டோம்’ என்று எழுதாதீர்கள்: கட்டணத்தை நிறுத்தி வைக்கும் செய்தி பற்றி

டிசம்பர் நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் யோகா வகுப்பு, ஜிம் நடத்துபவர்களுக்கு ஒரே மாதிரிச் சண்டை வந்துகொண்டே இருக்கும். உறுப்பினர் சென்னைக்குப் போகிறார். ஒரு மாதக் கட்டணத்தை நிறுத்தி வைக்கக் கேட்கிறார். வகுப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகிறது: “உங்கள் கட்டணம் டிசம்பர் மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. நன்றி.” ஜனவரியில் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதும், “நிறுத்தியாச்சுன்னு நீங்கதானே எழுதினீங்க?” என்று கேட்கிறார். அவர் கேட்பதில் தவறே இல்லை. தவறு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

தமிழில் ‘நிறுத்துவது’ வேறு, ‘நிறுத்தி வைப்பது’ வேறு. பால்காரரிடம் பாலை நிறுத்தச் சொன்னால் அவர் அப்புறம் வரமாட்டார். ‘நிறுத்தப்பட்டது’ என்று படித்தவர் தன் உறுப்பினர் கணக்கே முடிந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘இடைநிறுத்தம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது பள்ளியில் தண்டனை கொடுத்த மாதிரி ஒலிக்கிறது; உடம்பு சரியில்லாதவருக்கு அனுப்பக் கூடாத சொல். ‘ஃப்ரீஸ்’ என்றே எழுதினாலும் குற்றமில்லை, எல்லோருக்கும் பழகிய சொல்தான். ஆனால் அடுத்த வரியிலேயே அதன் பொருளையும் சொல்லிவிட வேண்டும்: கட்டணத்தைத் தள்ளி வைக்கிறோம், தள்ளுபடி செய்யவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும். நிறுத்தி வைத்த மாதம் இலவச மாதம் அல்ல. 12 மாத ஒப்பந்தம் என்றால் 12 மாதக் கட்டணம், 12 மாத வகுப்பு. நடுவில் ஒரு மாதத்தை எடுத்தால் அது கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். உறுப்பினர் “ஒரு மாதக் காசு மிச்சம்” என்று நினைக்கிறார். வகுப்பு நடத்துபவரோ “அது அவருக்கே தெரியும்” என்று நினைக்கிறார். தெரியாது. எழுதினால்தான் தெரியும். முடியும் தேதி மாறுகிறது என்பதைச் சொல்லாத செய்தி பாதிச் செய்திதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு யோகா வகுப்பில் மாதம் 450 ரேண்ட், ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி டெபிட் ஆர்டர், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகவே எடுக்கப்படும். ஒப்பந்தம் 2025 மார்ச் 1 முதல் 2026 பிப்ரவரி 28 வரை. உறுப்பினரான அம்மா டிசம்பர் 4 அன்று கிளம்பி ஜனவரி 6 அன்று திரும்புகிறார். வகுப்பின் விதிப்படி முழு மாதமாகத்தான் நிறுத்தி வைக்க முடியும், அந்த மாதத்துக்கு 50 ரேண்ட் இடம் வைக்கும் கட்டணம் உண்டு.

பயணம் 34 நாள், நிறுத்தி வைப்பதோ டிசம்பரின் 31 நாள் மட்டும். வம்பு இங்கேதான் முளைக்கிறது. டிசம்பர் 1, 2, 3 தேதிகளில் அந்த அம்மா ஊரில்தான் இருக்கிறார், வகுப்புக்கு வரலாமா? வர முடியாது. ஜனவரி முதல் ஆறு நாள் அவர் இங்கே இல்லை; அதற்குக் கட்டணம் குறையுமா? குறையாது. இரண்டையும் முன்கூட்டியே எழுதிவிட்டால் யாரும் கோபப்படுவதில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வகுப்பு வாசலுக்கு வந்தவரிடம் சொன்னால்தான் கோபம்.

பணம்: மார்ச் முதல் நவம்பர் வரை 9 தவணை. டிசம்பரில் 50 ரேண்ட் மட்டும். பிறகு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என 3 தவணை. ஆக 450 ரேண்ட் 12 தடவை, அதோடு ஒரு 50. ஒப்பந்தம் முடிவது 2026 மார்ச் 31. “டிசம்பரில் பணம் எடுக்க மாட்டோம்” என்று எழுதிவிட்டு 50 ரேண்ட் எடுத்தால், தொகை சிறியதாக இருந்தாலும் சொன்ன சொல் பொய்யாகிவிடும்.

இப்போது அந்தச் செய்தியைத் திருத்தி எழுதலாம்:

“வணக்கம் அம்மா. நீங்கள் கேட்டபடி டிசம்பர் மாதக் கட்டணத்தை நிறுத்தி வைக்கிறோம். டிசம்பர் 1 முதல் 31 வரை (இரண்டு நாளும் சேர்த்து) உங்களுக்கு வகுப்பு இருக்காது. டிசம்பர் 1 அன்று 450 ரேண்டுக்குப் பதில் 50 ரேண்ட் மட்டும் எடுப்போம். ஜனவரி 1 முதல் வழக்கம்போல் 450 ரேண்ட் எடுப்போம். நீங்கள் 6ஆம் தேதி திரும்பினாலும் ஜனவரிக்கு முழுக் கட்டணம்தான். தள்ளி வைத்த மாதம் கடைசியில் சேர்வதால் உங்கள் ஒப்பந்தம் பிப்ரவரி 28க்குப் பதில் 2026 மார்ச் 31 அன்று முடியும். சம்மதம் என்றால் ‘சரி’ என்று பதில் போடுங்கள். பயணம் நல்லபடியாக அமையட்டும்.”

நீளம்தான். இருக்கட்டும். தேதியை 01/12 என்று எழுதாதீர்கள். மாதத்தின் பெயரை எழுதுங்கள். ‘வரை’ என்று போட்டால் அந்த நாளும் சேருமா என்ற சந்தேகம் வரும், அதையும் தீர்த்துவிடுங்கள். ‘அடுத்த மாதம்’ வேண்டவே வேண்டாம். செய்தியை அவர் எந்த மாதத்தில் திறந்து படிப்பார் என்று உங்களுக்குத் தெரியாது.

‘சரி’ என்ற பதில் முக்கியம். முடியும் தேதியை நீங்களாகவே மாற்றிவிட முடியாது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, சாதாரண வாசகருக்குப் புரியும் எளிய மொழியில் எழுதச் சொல்கிறது. 14ஆம் பிரிவின்படி, குறித்த கால ஒப்பந்தத்தை உறுப்பினர் 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யலாம். நியாயமான ரத்துக் கட்டணத்தை நீங்கள் கேட்கலாம். நிறுத்தி வைப்பது வேறு, ரத்து வேறு. அந்த அம்மாவுக்கு மார்ச் வரை வர விருப்பமில்லை என்றால் அவர் கேட்க வேண்டியது ரத்து.

கடைசித் தேதியையும் எழுதி ஒட்டி வையுங்கள். டெபிட் ஆர்டர் பட்டியல் 1ஆம் தேதிக்குச் சில வேலை நாள் முன்பே வசூல் நிறுவனத்துக்குப் போய்விடும். 29ஆம் தேதி இரவு வந்து கேட்பவருக்கு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. “முந்தைய மாதத்தின் 20ஆம் தேதிக்குள் சொல்லுங்கள்” என்றால் போதும். உறுப்பினர்களே, தயவுசெய்து நேரே வங்கிக்குப் போய் டெபிட் ஆர்டரை நிறுத்தாதீர்கள். வகுப்பின் கணக்கில் அது நிறுத்தி வைத்த மாதமாக ஏறாது. கட்டாத தவணையாகத்தான் ஏறும்.

நோய் என்றால் செய்தி இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மருத்துவமனையில் படுத்திருப்பவரிடம் 20ஆம் தேதிக் கெடுவைக் காட்டாதீர்கள். வீட்டார் யாராவது சொன்னாலே ஏற்றுக்கொண்டு, சான்றிதழைப் பிறகு வாங்குங்கள். எத்தனை நாள் ஓய்வு என்ற தேதி இருந்தால் போதும், நோயின் பெயர் உங்களுக்கு வேண்டாம். இந்த நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்புக்கு உரியதாக வைத்திருக்கிறது. “அக்காவுக்கு ஆபரேஷன், எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்” என்று வகுப்புக் குழுவில் போடுவது பாசத்தால்தான் என்றாலும், அவர் சொல்லாமல் நீங்கள் அதைச் செய்யக் கூடாது.

அவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்: “வணக்கம் அக்கா. கட்டணத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நிறுத்தி வைத்திருக்கிறோம். இந்த இரண்டு மாதமும் எதுவும் எடுக்க மாட்டோம், 50 ரேண்டும் கிடையாது. ஒப்பந்தம் இரண்டு மாதம் தள்ளிப் போகும். அதன் தேதியை நீங்கள் தேறியதும் பேசி முடிவு செய்வோம். திரும்பி வரும்போது யோகா செய்யலாம் என்று டாக்டர் எழுதிய ஒரு வரி மட்டும் கொண்டு வாருங்கள்.” ஜூலை 20 வாக்கில் இன்னொரு செய்தி போக வேண்டும்: ஆகஸ்ட் 1 அன்று 450 ரேண்ட் எடுப்போம், இன்னும் ஓய்வு தேவை என்றால் இன்றே சொல்லுங்கள் என்று.