முதல் நூலுக்கு முன்னோட்ட அட்டைகள்: மேற்கோளை முன்னால் வைக்காதீர்கள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு புதிய எழுத்தாளரின் நூல் வெளியீடு என்றால், விழாவுக்குப் பத்து நாளைக்கு முன்பே போனில் ஒரு படம் சுற்றத் தொடங்கிவிடும். பின்னால் பச்சைத் தேயிலை மலை, நடுவில் நூலிலிருந்து எடுத்த ஒரு வரி, அடியில் ஆசிரியரின் பெயர். வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் வரும் காலை வணக்கப் படமும் இதே அமைப்பில்தான் இருக்கும். அதனால் கை அதை வாசிக்காமலே தள்ளிவிடுகிறது. பெயர் தெரிந்த எழுத்தாளர் என்றால் அந்தப் பெயருக்காகவாவது வரியைப் படிப்பார்கள். முதல் நூல் எழுதியவருக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை. ஆகவே முதலில் ஒரு காட்சி வர வேண்டும். மேற்கோள் அதற்குப் பின்னால் வரலாம்.

இன்ஸ்டகிராமில் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் கரோசலுக்கு இதுதான் கணக்கு. அதில் 20 படங்கள் வரை போடலாம் என்றாலும் ஆறு அட்டைகளே போதும். (அட்டை என்றதும் நம் பக்கத்தில் காலைக் குனிந்து பார்ப்பார்கள். இது வேறு அட்டை.) முதல் இரண்டிலும் ஒரே காட்சியின் இரு துண்டுகள், மூன்றாவதில் வேறொரு கதையிலிருந்து ஒரு துண்டு, நான்காவதில் மேற்கோள், ஐந்தாவதில் நூலின் முகப்பும் ஆசிரியர் பற்றி ஒரே ஒரு வரியும், ஆறாவதில் நாள், நேரம், இடம். முதல் அட்டையைத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டகிராம் சில வேளை இரண்டாவது அட்டையைக் காட்டும். எனவே இரண்டாவது அட்டை தனியாகப் பார்த்தாலும் ஏதோ ஒன்று நடப்பதைக் காட்ட வேண்டும். அங்கே வெறும் நூல் தலைப்பை வைப்பவர்கள் ஒரு வாய்ப்பை இழக்கிறார்கள்.

துண்டை எங்கே வெட்டுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. இக்கட்டுரைக்காக எழுதிய ஒரு மாதிரிப் பந்தியை எடுப்போம்:

"அன்று காலைப் பெரட்டில் பெயர் வாசிக்கும்போது அம்மாவின் பெயரை மட்டும் கணக்கப்பிள்ளை வாசிக்கவில்லை. மறந்து விட்டாரா, தெரிந்தே விட்டாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. அம்மா கூடையைக் கீழே வைக்கவில்லை. பனி விலகும் வரை அப்படியே நின்றாள். பிறகு தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னாள்."

இதை முழுதாக ஓர் அட்டையில் போட்டால் எழுத்துச் சிறுத்துப்போகும். அதைவிடப் பெரிய இழப்பு, கதை அங்கேயே முடிந்துவிடும். முதல் அட்டைக்கு முதல் வாக்கியம் மட்டும் போதும். பத்தே சொற்கள்தான், ஆனாலும் ஏன் வாசிக்கவில்லை என்ற கேள்வி மனதில் நின்றுவிடும். இரண்டாவது வாக்கியம் அந்தக் கேள்வியை வாசகருக்காகத் தானே கேட்டுவிடுகிறது. நூலில் அது இருக்க வேண்டியதுதான், அட்டைக்குத் தேவையில்லை. இரண்டாம் அட்டையில் "அம்மா கூடையைக் கீழே வைக்கவில்லை. பனி விலகும் வரை அப்படியே நின்றாள்." அதோடு நிறுத்த வேண்டும். கடைசி வாக்கியம்தான் கதையின் திருப்பம். அது நூலை வாங்கியவருக்கு உரியது.

வெட்டலாம், மாற்றக் கூடாது. வெட்டுவதும் வாக்கியம் முடியும் இடத்தில் இருக்கட்டும். நடுவில் ஒரு வாக்கியத்தை விட்டால் மூன்று புள்ளி இடுங்கள். அட்டையில் அடங்கவில்லை என்பதற்காக "அப்படியே" என்ற சொல்லை வடிவமைப்பவர் எடுத்துவிட்டால், அது நூலில் உள்ள வரி அல்ல. விழாவில் நயவுரை சொல்பவர் அட்டையைப் பார்த்து மேற்கோள் காட்டி, ஏற்புரையில் ஆசிரியர் அதைத் திருத்த நேர்ந்தால் இருவருக்கும் சங்கடம். எனவே கையெழுத்துப் பிரதியை நம்ப வேண்டாம். அச்சுக்குப் போன கடைசிப் பிரதியுடன் ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டு, பக்க எண்ணைக் குறித்து வையுங்கள். "பெரட்டு", "கொழுந்து", "லயம்" போன்ற சொற்களுக்கு அட்டையில் விளக்கம் எழுதுவதும் வேண்டாம். யாழ்ப்பாணத்தாருக்கோ தமிழ்நாட்டாருக்கோ விளக்கம் வேண்டுமென்றால் படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் ஒரு வரி போதும்.

இனி மேற்கோள். வலுவான வரி ஒன்றே ஒன்று போதும். இரண்டு வைத்தால் எதை அனுப்புவது என்று பார்ப்பவருக்கே தெரியாது. "வாழ்க்கை ஒரு போராட்டம்" என்ற சாயலில் உள்ள வரியை முதலிலேயே ஒதுக்குங்கள். அது யார் நூலிலும் இருக்கலாம். தெரிவு செய்ய ஒரு சோதனை உண்டு: ஆசிரியரின் பெயரை மறைத்துவிட்டு, அந்த வரி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று நூலைப் படிக்காத ஒருவரிடம் கேளுங்கள். சொல்ல முடிந்தால் வரி தேறும். அதோடு முன்கதை தெரியாமலே பொருள் விளங்க வேண்டும், முடிவையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. எட்டிலிருந்து பன்னிரண்டு சொற்கள் நல்ல அளவு.

மாதிரிக்கு ஒரு வரி: "கொழுந்தை நிறுத்த தராசில் நாங்கள் நின்ற நேரம் ஏறவே இல்லை." எட்டுச் சொற்கள். மலைநாட்டு வரி என்று உடனே தெரிகிறது. ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. "நிறுத்த" என்பதை எடை பார்த்த என்றும் படிக்கலாம், தடுத்து நிற்க வைக்க என்றும் படிக்கலாம். செயலி தன்பாட்டில் வரியை மடக்கும்போது இப்படி வரக்கூடும்:

கொழுந்தை நிறுத்த
தராசில் நாங்கள் நின்ற
நேரம் ஏறவே இல்லை.

முதல் வரியில் கொழுந்தை யாரோ தடுக்கப் பார்க்கிறார்கள், இரண்டாவதில் நாங்கள் தராசின் மேல் ஏறி நிற்கிறோம்! நீங்களே கையால் மடக்கினால் பொருள் நேராகிவிடும்:

கொழுந்தை நிறுத்த தராசில்
நாங்கள் நின்ற நேரம்
ஏறவே இல்லை.

ஒரே மூச்சில் சொல்வதை ஒரே வரியில் வைப்பதுதான் வழி. துண்டுகளையும் இப்படியே கையால் மடக்குங்கள். மேற்கோள் அட்டைக்கு இன்னொரு கடமையும் உண்டு. எல்லோரும் திரைப்பிடி எடுத்துத் தனியாக அனுப்பப்போவது இதைத்தான். நூலின் பெயரும் ஆசிரியரின் பெயரும் இதே அட்டையின் அடியில் இல்லாவிட்டால், இரண்டு நாளில் வரி மட்டும் ஊர் சுற்றும், யாருடையது என்று தெரியாது.

அளவு: அகலம் 1080, உயரம் 1350 பிக்சல். ஆறும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஏனெனில் முதல் படத்தின் வடிவத்துக்கே மற்றவற்றையும் இன்ஸ்டகிராம் வெட்டும். இருபுறமும் 100 பிக்சல் வெற்றிடம் விடுங்கள். உங்கள் பக்கத்தின் கட்டங்களில் முதல் அட்டை சற்று ஒடுங்கித் தெரியும்போது, ஓரத்து எழுத்து அறுபடாமல் இருக்கும். துண்டுகளுக்கு எழுத்தளவு 48க்குக் குறைய வேண்டாம். அந்த அளவில் ஒரு வரியில் ஏறக்குறைய 20 எழுத்துகள் அடங்கும். வரிக்கு வரி இடைவெளி எழுத்தின் ஒன்றரை மடங்கு இருந்தால்தான் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் முட்டாது. எழுத்துகளுக்கிடையே இடம் விடும் வசதியைத் தொடாதீர்கள். ஆங்கிலத்தில் அழகாக இருக்கும், தமிழில் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும்.

பாமினி எழுத்துருதான் நம் அச்சகங்களின் பழைய தலைவலி. நூல் பாமினியில் தட்டச்சாகியிருந்தால், அதிலிருந்து நகலெடுத்து வேறு செயலியில் ஒட்டும்போது "அம்மா" என்பது `mk;kh` என்று வரும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுக்கலாம், ஆனால் இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். பிரதியில் இடையே இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழெழுத்துகளாக மாறியிருக்கும். அடுத்தது ரகர ஒற்று. பாமினியில் காலுக்கு மேல் புள்ளி வைத்தே "ர்" எழுதும் வழக்கம் இருந்ததால், மாற்றிய பிறகு "அவர்" என்பது "அவா்" என்று நின்றுவிடலாம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். சில எழுத்துருக்களில் மட்டும் புள்ளிவட்டம் ஒன்று முளைத்துக் காட்டிக்கொடுக்கும். "ா்" என்று தேடி "ர்" என்று மாற்றினால் சரியாகிவிடும். படத்தில் தெரியாவிட்டாலும் கீழே எழுதும் குறிப்பில் இந்தப் பிழை இருந்தால், ஆசிரியரின் பெயரைத் தேடுபவருக்குப் பதிவு கிடைக்காது.

பின்னணிக்குக் கூடையுடன் சிரிக்கும் பெண்ணின் படம் வேண்டாம். அது சுற்றுலா விளம்பரத்தின் முகம், பெரும்பாலும் அனுமதி பெறாமல் எடுத்ததும்கூட. நூலின் முகப்பிலுள்ள நிறம் ஒன்றை எடுத்து வெறுமையாக விட்டாலே எழுத்து எடுபடும்.

மலையகத்தில் இதைப் பலர் பார்க்கப்போவது பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும்தான். அங்கே கரோசல் கரோசலாக இருப்பதில்லை. பேஸ்புக்கில் ஆறு படங்களைச் சேர்த்துப் போட்டால் அவை ஒரே சட்டத்தில் அடுக்கப்பட்டு, கடைசிப் படம் கூட்டல் குறிக்குள் மறைந்துவிடும். விழா விபரம் உள்ள அட்டை அதுதானே! அதனால் நாள், நேரம், இடத்தைப் பதிவின் முதல் இரண்டு வரிகளில் எழுத்தாகவும் போடுங்கள். வாட்ஸ்அப்பிலும் நான்கிற்கு மேல் போனால் மிச்சம் அப்படியே மறையும். அங்கே மூன்று போதும்: முதல் அட்டை, மேற்கோள், விபரம்.

விபர அட்டையில் ஊர்ப் பெயர் மட்டும் போதாது. கிழமையுடன் திகதி, தொடங்கும் நேரம், மண்டபத்தின் பெயர், பஸ் நிலையத்திலிருந்து எந்தப் பக்கம், பிரதியின் விலை ரூபாயில், வர முடியாதவர் தபாலில் பெற அழைக்க வேண்டிய எண். முடியும் நேரத்தையும் போடுங்கள். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்த்துத்தான் பலர் வருவதா விடுவதா என்று தீர்மானிக்கிறார்கள்.

திகதியை இந்த ஆறாம் அட்டையைத் தவிர வேறெந்த அட்டையிலும் எழுத வேண்டாம். அடைமழையும் மண்சரிவு எச்சரிக்கையும் வந்து விழா தள்ளிப்போனால், குழுக்களில் ஏற்கெனவே பரவிய படத்தை யாரும் திரும்ப வாங்க முடியாது. முதல் ஐந்து அட்டைகளில் திகதி இல்லாவிட்டால் அவை அப்படியே செல்லும். ஆறாவதை மட்டும் பின்னணி நிறத்தை மாற்றி, மேலே "புதிய திகதி" என்று பெரிதாக எழுதி மறுபடி அனுப்பினால் போதும். நிறம் மாறாவிட்டால் பழைய படம்தான் என்று நினைத்துத் திறக்காமலே விடுவார்கள்.